சின்ன டிரான்சிஸ்டருக்கு அடியில் வைத்த தோல்

பேரணாம்பட்டு சவுண்ட் செட்காரர் அதே ஆம்ப்ளிஃபயரை மூன்றாவது தடவையாகக் கொண்டுவந்து மேசையில் போட்டார். மதியக் கல்யாணத்தில் பாதியில் அவுட்புட் டிரான்சிஸ்டர்கள் வெந்து, ஸ்பீக்கர் காயிலும் கருகியிருந்தது.

"உன் தங்கச்சி கைல செட்டிங்க விட்டா பேஜார்தான்பா," என்றார் அண்ணனிடம். நான் எதிரிலேயே நின்றுகொண்டிருந்தேன். ஆம்பூரில் இந்தக் கடையைப் போட்டதிலிருந்து பொருத்துவது அண்ணன், பயாஸ் வைப்பது, அதாவது பாட்டு ஓடாதபோதும் டிரான்சிஸ்டரில் ஓடவேண்டிய கரண்டை அளந்து வைப்பது, நான். எரிந்துபோனால் கழற்றி மாட்டுவதும் அவன்தான். அவன் பாட்டுக்கு ஸ்க்ரூ டிரைவரை எடுத்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இந்த முறை நானே கழற்றினேன். சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் தகட்டில், பெரிய அவுட்புட் டிரான்சிஸ்டர்களுக்கு அடியில், கரண்டைத் தடுத்துச் சூட்டை மட்டும் விடும் மைக்கா ஒழுங்காக இருந்தது. பயாஸைக் கட்டுப்படுத்தும் சின்ன டிரான்சிஸ்டருக்கு அடியில் மட்டும் ஷூ கம்பெனித் துண்டுத் தோல், வட்டமாக வெட்டி வைத்திருந்தது. இந்த ஊரில் குழாய் ஒழுகினாலும் தோல்தான், கதவு ஆடினாலும் தோல்தான்.

"இன்னாண்ணா இது?"

"சின்னதுதானே, ஹீட்சிங்க் சூடு அதுல ஏறிடப் போவுதேன்னு வச்சேன்."

சூடு ஏறத்தான் அதை அங்கே மாட்டுகிறோம்! பாட்டு பிசிறாமல் இருக்கப் பெரிய டிரான்சிஸ்டர்கள் இரண்டையும் எப்போதும் லேசாகத் திறந்தே வைக்கிறோம். அவை சூடானால் அதே வோல்டேஜுக்கு ஜாஸ்தி கரண்ட் இழுக்கும். ஜாஸ்தி கரண்ட், ஜாஸ்தி சூடு. சின்னதும் கூடவே சூடானால்தான் வோல்டேஜைக் குறைத்து அடக்கும். தோல் அதற்குச் செய்தியே போகாமல் தடுத்துவிட்டது. ஆறியிருக்கும்போது நான் வைத்த செட்டிங் சரியாகத்தான் இருந்தது.

புது டிரான்சிஸ்டர்கள் போட்டு, தோலை அப்படியே விட்டு, செட்காரர் பார்க்க மீட்டரை மாட்டினேன். ஹாட் ஏர் கன்னால் ஹீட்சிங்கைச் சூடாக்கினேன். கரண்ட் ஏறியது. கன்னை எடுத்த பிறகும் ஏறிக்கொண்டே போனது. வெடிப்பதற்குள் சுவிட்சை அணைத்தேன். ஆறவிட்டு, தோலைப் பிடுங்கி எறிந்து, மைக்காவும் சூடு கடத்தும் பேஸ்ட்டும் வைத்து மறுபடி காய்ச்சினேன். மீட்டர் முள் கொஞ்சம் ஏறி, தானே இறங்கி நின்றது.

"அப்ப ரெடி பண்ணிட்டேங்க, தைரியமா எடுத்துட்டுப் போங்க," என்றான் அண்ணன்.

பண்ணிட்டேனாம்!

"செட்டிங் சரியாத்தான் இருந்துச்சு. எங்கண்ணன் வச்ச தோலாலதான் மூணு தடவையும் எரிஞ்சிச்சு," என்றேன் செட்காரரிடம். அவர் அண்ணனைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்து, "கல்யாண சீசன்மா, இனிமே நீயே மாட்டிடு," என்று சொல்லிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்.

"கஸ்டமர் எதிர்ல குடும்ப மானத்த வாங்கிட்டியே," என்று அண்ணன் கத்தினான்.

"மூணு தடவையும் எம்மானந்தானே போச்சு. அப்ப நான் இந்தக் குடும்பத்துல இல்லியா?"