காலையில் ஒட்டும் முதல் பிளேட்

எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். திருப்பூர், ஓசூர், கோழிக்கோடு என்று அலைந்து, எதிலும் ஒரு வருடம் நிலைக்காமல், முப்பத்தொரு வயதில் பழங்காநத்தத்தில் ஒரு வெல்டிங் பட்டறைக்கு எடுபிடியாக வந்து சேர்ந்தேன். கப்பலூரில் ஒரு கம்பெனி வெல்டர் எடுத்தது. நிரந்தர வேலை. டெஸ்டில் மூன்று இணைப்பு ஒட்டிக் காட்ட வேண்டும்: பிளேட் ஒன்றில் படுத்திருக்கும், ஒன்றில் நிற்கும், ஒன்றில் தலைக்கு மேல் இருக்கும்.

பட்டறைக்காரர் வேலை நேரம் போக, பழகிக்கொள்ள மிஷினைத் தந்தார். முதல் வாரம் படுத்த பிளேட் மட்டும், அடுத்த வாரம் நிற்பது, மூன்றாவது வாரம் தலைக்கு மேல். ஒவ்வொரு வாரக் கடைசியிலும் ஒட்டு தையல் போட்டது போல வரிசையாக விழுந்தது. காலருக்குள் தீப்பொறி இறங்கிக் கழுத்தெல்லாம் கொப்புளம். அது ஆறிவிடும்.

டெஸ்டில் முதலில் நிற்கும் பிளேட்டைக் கொடுத்தார்கள். எனக்கு முன்னால் படுத்த பிளேட் ஒட்டியவன் மிஷினில் கரண்டை ஏற்றி வைத்திருந்தான்; நிற்கும் பிளேட்டுக்கு அது அதிகம். கரண்டைக் கூட்டிக் குறைக்கும் குமிழை நான் பார்க்கவே இல்லை. உருகின இரும்பு மெழுகாகக் கீழே வழிந்தது. சோதிக்கப் பிளேட்டை வளைத்ததும் ஒட்டு விரிந்தது. "அடுத்த மாசம் வாங்க" என்றார் அதிகாரி.

"பட்டறையில அம்புட்டு அழகா ஒட்டுன, அங்க என்ன மாப்ள ஆச்சு?" என்றான் கூட வேலை பார்த்தவன்.

பதில் தெரிய இரண்டு நாள் ஆயிற்று. வாரம் முழுக்க நான் குமிழைத் திருகியது திங்கட்கிழமை ஒருமுறைதான். அதற்கப்புறம் முந்தின பிளேட்டில் செய்ததையே கை திரும்பச் செய்தது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதைப் பழகவே இல்லை.

வெல்டிங் ராடு வந்த காலி டப்பாவில், படுத்தது, நிற்பது, தலைக்கு மேல் என்று எழுதிய மூன்று சீட்டுகளைப் போட்டேன். ஒவ்வொரு பிளேட்டுக்கும் ஒரு சீட்டு எடுப்பேன். குமிழைக் குறைத்துவிட்டுப் புதிதாக வைப்பேன். சில நாள் தடித்த தகடு, சில நாள் மெல்லியது.

பார்க்கச் சகிக்கவில்லை. "கோழி கெளறுன மாதிரி இருக்கு. ஒண்ணையே ஒட்டு மாப்ள, கை பழகும்" என்றான்.

அவன் பேச்சைக் கேட்டு ஒருநாள் சாயந்திரம் படுத்த பிளேட் ஆறு ஒட்டினேன். ஆறாவது பிரமாதம். மறுநாள் காலையில் ஒட்டிய முதல் பிளேட் பழையபடி கோணல். சீட்டெடுத்த நாட்களின் மறுகாலையில் அப்படி இல்லை. சாயந்திரம் அசிங்கமாக முடிந்தாலும் காலையில் முதல் பிளேட் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறிக்கொண்டு வந்தது.

"சாயந்திரம் வர்றது அழகு மட்டும்தான் மாப்ள. காலையில வர்றதுதான் என் கையில இருக்கு" என்றேன்.

"அப்ப உன் கை ராத்திரியெல்லாம் எங்க போகுது?"

டப்பாவைக் குலுக்கி அடுத்த சீட்டை எடுத்தேன். தலைக்கு மேல். ராடு பிடிக்கவே தெரியாத முதல் வாரத்தில் ஒன்றையே ஒட்டியது தப்பில்லை. அங்கேயே நின்றதுதான் தப்பு.

இரண்டாம் டெஸ்டில் முதலில் தலைக்கு மேல்தான் வந்தது. முன்னால் போனவன் இந்தத் தடவையும் கரண்டை ஏற்றித்தான் வைத்திருந்தான். முகமூடியை இறக்கும் முன் குமிழைக் குறைத்தேன். அடுத்து படுத்தது, கூட்டினேன். அடுத்து நிற்பது, மறுபடி குறைத்தேன். அழகில் முதல் மதிப்பெண் கிடைத்திருக்காது. அதிகாரி மூன்றையும் வளைத்தார். ஒன்றும் விரியவில்லை.

"எப்ப சேர்றீங்க?"

"நாளைக்கே வாரேன் சார்."

சேர்ந்த இடத்தில் ஒரு வருடம் தாண்டிவிட்டது.