பால்மா இல்லாத வாரம்

மழை நாள்ல தேயிலை மலையில கொழுந்துக் கூடையோட தண்ணி ஓடுற கானைத் தாண்டும்போது வழுக்கி விழுந்து எனக்கு வலது மணிக்கட்டு முறிஞ்சிருச்சு. கட்டுப் பிரிச்ச அன்னைக்கு டொக்டர் எக்ஸ்ரே படத்தைப் பாத்துட்டு, "எலும்புல பலம் பத்தாது. கல்சியம் வேணும். மாத்திரை தாறேன், பாலும் குடிங்க"ன்னாரு.

"ஐயா, பால் குடிச்சா எனக்கு வயித்தால நிக்காமப் போகும்"னேன்.

அவரு சிரிக்கல. பால் தேத்தண்ணி குடிச்சாலும் அப்படியா, வயிறு பொருமுமா, எத்தனை வருசமான்னு ஒண்ணொண்ணா கேட்டாரு. அப்புறம் சொன்னாரு: பாலுல ஒரு சக்கரை இருக்கு, அதை என் குடலு செமிக்க மாட்டேங்குதாம். பெரிய நோய் வருத்தமெல்லாம் இல்லையாம், வளந்தவங்க நிறையப் பேருக்கு இப்படித்தானாம்.

எனக்குப் பகீர்னு ஆயிருச்சு. கண்ணூறுன்னு நினைச்சு நான் கழிச்ச மொளகா எத்தனை, கட்டுன கயிறு எத்தனை! காலையில ஊத்திக் குடிச்ச பால் தேத்தண்ணிதான் இத்தனை நாளும் என்னைப் போட்டு ஆட்டியிருக்கு.

கிளினிக்ல சாப்பாட்டப் பத்திச் சொல்லிக் குடுக்குற மிஸ் ஒருத்தங்க இருந்தாங்க. தினமும் கேப்பைன்னு சொல்ற குரக்கன், எள்ளு, கீரை. ஒரு வாரத்துக்கு இப்படிச் சாப்பிட்டுட்டு வயிறு எப்படி இருக்குன்னு வந்து சொல்லுங்கன்னாங்க. தேங்காப்பாலும் பாலாச்சேன்னு நான் பயந்ததுக்கு, "அதுல அந்தச் சக்கரை இல்லம்மா, தாராளமா ஊத்துங்க"ன்னாங்க. எள்ளை முழுசா முழுங்கினா அப்படியே வெளிய போயிருமாம், வறுத்து இடிச்சுத்தான் திங்கணுமாம். பசளிக் கீரையில கல்சியம் இருந்தாலும் ஒடம்புல அவ்வளவா ஒட்டாதாம். முருங்கை இலை, முள்ளங்கி இலை, நோக்கோல் இலை நல்லதாம்.

"நோக்கோல் இலையா? அதை நாங்க மாட்டுக்கில்ல போடுறோம்!"

"மாடு நல்லாத்தானே இருக்கு?"ன்னாங்க அந்த மிஸ்.

எனக்கு வேண்டியது பெருசா ஒண்ணும் இல்ல. கை தேறணும், மறுபடி மலைக்குப் போகணும், அங்க வயிறு என் மானத்தை வாங்கக் கூடாது. அவ்வளவுதான்.

திங்கக்கிழமை ஆரம்பிச்சேன், மலைக்கும் அன்னைக்கே திரும்பிப் போனேன், கொழுந்தை இடது கையாலதான் எடுத்தேன். காலையில குரக்கன் கூழு. மாவைப் பச்சத் தண்ணியில கரைச்சு, அடுப்புல வச்சு, கட்டி தட்டாம கிண்டி, கடைசியா தேங்காப்பால். ஆனா கூழு இறுக இறுக என் கை வலிச்சுச்சு. என் வீட்டுக்காரரு கரண்டிய வாங்கிக்கிட்டாரு. தேயிலை அரைக்கிற ஸ்டோர்ல வேலை அவருக்கு, எள்ளுன்னு சொல்றதுக்குள்ள எண்ணெயா நிக்கிற மனுசன். "வாரம் பூரா நானே கிண்டுறேன் புள்ள, நீ போய் தலைய சீவு"ன்னாரு. நீங்களும் குடிங்களேன்னா மட்டும், "எள்ளுதான் எண்ணெய்க்குக் காயுது, எலிப்புழுக்கை எதுக்குக் காயணும்?"னு நழுவிட்டாரு.

மத்தியானத்துக்கு குரக்கன் ரொட்டியும் எள்ளுச் சம்பலும் மலைக்குக் கட்டிக்கிட்டேன். ராவைக்குச் சோறு, பருப்பு, நோக்கோல் இலைய நைசா அரிஞ்சு தேங்காப்பூ போட்ட சுண்டல். செவ்வாய்க்கிழமை எள்ளு வறுத்த வாசத்துக்கு எங்க லயத்துல அடுத்த காம்பரா வீட்டுக்காரி எட்டிப் பாத்து, "யாருக்கக்கா திவசம்?"னா. "என் பழைய வயித்துக்கு"ன்னேன். ரெண்டு பேரும் சிரிச்சோம். நெசமாவே அந்த ரெண்டு நாளும் வயிறுன்னு ஒண்ணு இருக்குறதே தெரியல. புதன்கிழமை குரக்கன் புட்டும் முருங்கை இலை வறையும். அன்னைக்கும் ஒரு தொல்லையும் இல்ல.

வியாழக்கிழமை பத்து மணித் தேத்தண்ணிக்கு முன்னாடி அடிவயிறு முறுக்குச்சு பாருங்க, ஐயோ, கண்ணு இருட்டிருச்சு. கூடைய அப்படியே போட்டுட்டு கான் பக்கம் ஓடுனேன். கங்காணி மேல இருந்து, "எங்க ஓடுற, உன் தேயிலை நெற பாதியில கெடக்கு!"ன்னு கத்துறாரு. கூட வந்த பொம்பளைங்க நாலு பேரு இடுப்புல கட்டியிருந்த படங்குச் சாக்கை அவுத்து, எனக்கு முதுகு காட்டிக்கிட்டு மறைப்புப் பிடிச்சு நின்னாங்க. எனக்குச் செத்துரலாம் போல இருந்துச்சு.

அன்னைக்கு ராவெல்லாம் கணக்குப் போட்டேன். குரக்கன்ல பூஞ்சையா? கீரை சரியாக் கழுவலையா? இல்ல டொக்டரே தப்பாச் சொல்லிட்டாரா? வெள்ளிக்கிழமையும் அதே கதைதான், அதே கான்தான். இனி இந்த மலையே வேணாம், தோட்டத்துக் கணக்குல இருந்து பேரை வெட்டச் சொல்லிருவோம்னு முடிவே பண்ணிட்டேன்.

சனிக்கிழமை விடியக்காலை தண்ணி பிடிச்சுட்டு குடத்தோட உள்ள வாரேன். அவரு அடுப்புக்கு முன்னாடி முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கிறாரு. கையில பால்மா டின். கரண்டி நெறைய, கூம்பா, ஒண்ணு, ரெண்டு, மூணு. கூழுக்குள்ள கொட்டிக் கலக்குறாரு.

குடம் கைய விட்டுப் போயிருச்சு. சிமெந்துத் தரையெல்லாம் தண்ணி.

"அட பாவி மனுசா! என்னா பண்றீங்க?"

திருடன் மாதிரி முழிச்சாரு. அப்புறம் அவருக்கும் கோவம் வந்துருச்சு. "என்னான்னா? பால் இல்லாம எலும்பு கூடுமா? இத்தனை வருசம் ஒழைச்சவளுக்கு மாட்டுத் தீனியும் கூழுமா? ஸ்டோர்ல எல்லாரும் கேக்குறானுங்க, பொண்டாட்டிக்குப் பால் வாங்க வக்கில்லையான்னு. வியாழக்கெழமையில இருந்து போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். கூழோட கலந்தா ஒண்ணும் செய்யாதுன்னு பாத்தேன். வயிறு கலங்குனா ஒரு தடவை போயிட்டு வந்தா சரியாப் போகுது. அதுக்குப் போயி!"

"போயிட்டு வரணுமா? எங்க போயிட்டு வரணும்?"

"கக்கூஸுக்குத்தான்."

"மலையில எங்கங்க இருக்கு கக்கூஸு?"

வாலிபத்துல இருந்து ஸ்டோர்லயே வேலை செஞ்ச மனுசன். அங்க கதவும் தாப்பாளும் போட்ட கக்கூஸு இருக்கு. நான் சொன்னேன், எல்லாத்தையும் சொன்னேன். கானை, அட்டையை, கங்காணி சத்தத்தை, படங்கு பிடிச்சு நின்ன நாலு பேரை. காலையில ஆள் கணக்கெடுக்குற பெரட்டுக்குப் போனா சாயங்காலம் வரைக்கும் தண்ணியே வாயில வைக்காம அடக்கிக்கிட்டுக் கெடக்குறதை. சத்தம் போட்டுத்தான் சொன்னேன். அடுத்த காம்பராவுக்கும் கேட்டுருக்கும், கேக்கட்டும்.

அவரு மொகம் செத்துப் போச்சு. "பொம்பளைங்களுக்குன்னு அங்க ஏதாச்சும் வச்சிருப்பாங்கன்னுதான் நினைச்சுக்கிட்டு இருந்தேன் புள்ள"ன்னாரு.

எனக்கு ஆத்திரமும் வந்துச்சு, அழுகையும் வந்துச்சு. ஒரே காம்பராவுல, ஒரே பாயில படுத்து எந்திரிச்ச மனுசனுக்கு இது தெரியல. கூழுல பால்மாவைப் பாத்து அதிர்ந்ததை விட இதுக்குத்தான் நான் அதிர்ந்து போயிட்டேன்.

அவரு அந்தச் சட்டியத் தூக்கிக்கிட்டுப் போயி வீட்டுக்குப் பின்னால கோடிப்பக்கம் கொட்டிட்டு வந்தாரு. கழுவுனாரு. புதுசா மாவை எடுத்து தண்ணியில கரைச்சாரு. கரைச்சுக்கிட்டே இருந்தவரு திடீர்னு நிறுத்திட்டு என்னைத் திரும்பிப் பாத்தாரு.

"நம்ம மூத்தவளைச் சொமந்துக்கிட்டு மலைக்குப் போனியே, மாசம் ஏற ஏற. அப்பவுமா?"

"அப்பவுந்தான்"னேன்.