அக்கா நிற்கும் ஷாட்

எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். திருப்பூரில் கேன்டீனில் பாத்திரம் கழுவினேன். பெங்களூரில் ஒரு எடிட்டிங் கடையிலேயே படுத்துக்கொண்டு கம்ப்யூட்டர் பழகினேன். இப்போது போடியில், ஏலக்காய்க் கடைக்கு மேல்மாடியில், கூட்டாளியும் நானுமாக அனிமேஷன் வேலை செய்கிறோம். அக்கா இருக்கும் எஸ்டேட்டுக்கு இங்கிருந்து ஜீப்பு போகிறது. வேலை கொஞ்சம் நிலைக்கட்டும், போகலாம் என்று வருஷக்கணக்காகப் போகாமலே இருந்தேன்.

அப்போது ஒரு குறும்படத்துக்கு டாலி ஜூம் ஷாட் கேட்டார்கள். எஸ்டேட்டில் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து வாசலில் ஒரு பெண் நிற்கிறாள். கேமரா பின்னால் போகப் போக அதன் பார்வைக் கோணத்தைக் குறுக்கிக்கொண்டே வரவேண்டும். அவள் அதே அளவில் நிற்பாள். பின்னாலிருக்கும் மலை மட்டும் பெரிதாகும். நான் அக்காவை நினைத்துத்தான் அந்த உருவத்தைச் செய்தேன்.

தூரத்துக்கும் கோணத்துக்கும் இந்த நொடியில் இவ்வளவு என்று குறித்துவைக்கும் கீஃப்ரேம் தொடக்கத்தில் ஒன்று, முடிவில் ஒன்று வைத்தேன். இரண்டும் சீராக மாறின. ஓட்டிப் பார்த்தால், நடுவழியில் அவள் சிறுத்துப்போய், கடைசியில்தான் பழைய அளவுக்கு வந்தாள்.

"மாப்ளே, நடுவுல யாரு பாக்கப் போறா? வெரசா அனுப்பு, அடுத்த சோலி கெடக்கு" என்றான் கூட்டாளி.

எனக்கு அனுப்ப மனம் வரவில்லை. முதன்முதலாக எஸ்டேட்டைவிட்டுப் போனபோது ஜீப்பின் பின்னால் உட்கார்ந்திருந்தேன். வாசலில் நின்ற அக்கா, முதல் வளைவு வருமுன் விரல் உயரத்துக்குச் சிறுத்துப்போனாள். இதிலாவது அவள் சிறுக்கக் கூடாது.

கோணத்துக்குக் கையால் வைத்த கீஃப்ரேம்களை அழித்துவிட்டு, அதைத் தூரத்தோடு கட்டினேன். பாதிக் கோணத்தின் டேன்ஜென்டைத் தூரத்தால் பெருக்கினால் வரும் எண் மாறக் கூடாது, அவ்வளவுதான். பள்ளியில் அந்தப் பாடம் வருமுன்பே வெளியேறியவன். போனில் பார்த்துக் கற்றுக்கொண்டேன். இந்த முறை அவள் அசையவே இல்லை. மலை மட்டும் வளர்ந்து வந்தது.

அக்காவுக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டாள்.

"ஏன்டா, மலை எதுக்கு எம்மேல வந்து விழுகுது?"

"அது ஒரு வித்தை அக்கா. நான் எம்புட்டுத் தூரம் போனாலும் நீ சிறுக்க மாட்ட."

"நீ போறதத்தான் பாத்துக்கிட்டே இருக்கேனே. வர்ற மாதிரி ஒண்ணு போடு."

ஷாட்டைத் திருப்பி ஓட்டினேன். கேமரா முன்னால் வந்தது, மலை விலகிப்போனது. அக்கா மட்டும் இம்மியும் பெரிதாகவில்லை. அவ்வளவு கிட்டே போயும் கிட்டே போனதாகவே இல்லை.

கோணத்தைத் தூரத்தோடு கட்டியிருந்த கட்டை அவிழ்த்தேன். கோணத்தைக் குறுகலாக அப்படியே நிறுத்திவிட்டு, கேமராவை மட்டும் அவளிடம் கொண்டுபோனேன். அவள் பெரிதாகி, பெரிதாகி, முகம் திரை முழுக்க நிறைந்தது. தூரத்து ஷாட்டுக்கென்று செய்த முகம். கண் இருந்த இடத்தில் இரண்டு கறுப்புப் புள்ளி. சரிசெய்யலாமென்று உட்கார்ந்தேன். முன்நெற்றி நரைத்திருக்குமா, கன்னம் ஒட்டியிருக்குமா, ஒன்றும் தெரியவில்லை. மறுபடி அவளைப் போனில் கூப்பிட்டேன்.

"அக்கா, ஒரு போட்டோ எடுத்து அனுப்பேன்."

"போட்டோவெல்லாம் அனுப்ப மாட்டேன். வந்து பாத்துக்க."

கேமராவை அங்கேயே நிறுத்திவிட்டு, ஜீப்பு நிற்கும் இடத்துக்கு இறங்கினேன்.