புதன்கிழமைப் பன்னீர்

எங்கள் தொழிற்சாலை கேன்டீனில் புதன்கிழமை என்றால் சிக்கன் குழம்பு. சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு அன்றைக்குப் பன்னீர் மசாலா. செம்மங்குப்பத்தில் இதே தொழிற்சாலையின் ஆய்வகத்தில் பல வருடமாக வேலை பார்க்கிறேன், அந்த வழக்கம் மாறியதில்லை. பிறந்த வீட்டில் மீன் இல்லாமல் எனக்குச் சோறு இறங்காது. வள்ளலார் வழியில் சைவமான வடலூர்க் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்ட பிறகு எல்லாவற்றையும் விட்டேன். விட்டேன் என்றால் வாய்தான் விட்டது, மூக்கு விடவில்லை. எல்லாத் தட்டிலும் சிக்கன் மணக்கும்போது நம் தட்டிலும் ஏதாவது ஒன்று மரியாதையாக இருக்க வேண்டும். அதற்காகத்தான் பன்னீர் எனக்கு முக்கியம்.

போன வருடம் கேன்டீனுக்குப் புது மாஸ்டர் வந்தார். குறிஞ்சிப்பாடிக்காரர். பிரியாணியும் மீன் குழம்பும் அவருக்குக் கை வந்த கலை. பன்னீர் மட்டும் பழக்கமில்லை. பழைய மாஸ்டர் விட்டுப்போன, துண்டு போட்ட ஃப்ரோசன் பன்னீர் பாக்கெட்டுகளை வைத்துச் சில வாரம் ஓட்டினார். அது தீர்ந்ததும் கடலூரில் மொத்தக் கடைக்குப் போயிருக்கிறார். பன்னீர் இல்லை. கடைக்காரர் தேதி முடியப்போகிற சீஸ் கட்டிகளைத் தள்ளுபடி விலைக்குத் தலையில் கட்டிவிட்டார். இவரும் அதைச் சதுரம் சதுரமாக நறுக்கி, கொதிக்கிற மசாலாவில் கொட்டிக் கிளறி, மூடிவைத்துவிட்டுச் சிக்கனைப் பார்க்கப் போய்விட்டார்.

மூடியைத் திறந்தபோது துண்டு ஒன்றுகூட இல்லை. கரண்டியைத் தூக்கினால் மசாலாவும் சேர்ந்து பசைபோல எழுந்து வந்தது. வாயில் வைத்தால் உப்புக் கரித்தது.

"என்னா மாஸ்டர் இது?"

"நானும் அதத்தான் மேடம் தேடிகிட்டு இருக்கேன். போட்டதெல்லாம் எங்க போச்சின்னே தெரில. ரெண்டும் பால்ல செய்யறதுதானன்னு நெனச்சேன்."

பால்தான். ஆனால் பன்னீர் என்பது பாலைப் புளிப்பு ஊற்றித் திரித்து, தண்ணீரை வடித்து அழுத்திய கட்டி. சூட்டில் உருகாது, கொதித்தாலும் துண்டு துண்டாகவே நிற்கும். அந்தக் கடைச் சீஸோ ஏற்கெனவே ஒருமுறை உருக்கி, உப்பு வகைகள் சேர்த்து, அச்சில் ஊற்றி எடுத்தது. மறுபடி சூடு பட்டால் இளகத்தான் செய்யும். தோசைக்கல்லில் ரொட்டிக்கு நடுவே வைத்தால் அது நல்ல பிள்ளை. குழம்பில் போட்டால் ஆளே இருக்காது.

அன்றைக்கு நாங்கள் ரசத்தையும் அப்பளத்தையும் வைத்துச் சமாளித்தோம். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மாஸ்டர்மேல் அல்ல. மறுநாள் நிர்வாக அதிகாரி சிரித்துக்கொண்டே சொன்னதுதான் என்னைக் கிளப்பியது.

"பன்னீர் செலவு சிக்கன விட ஜாஸ்தியாகுது மேடம். அதுலயும் இப்படி வீணாப் போனா எப்படி? அடுத்த மாசத்துலேருந்து சைவத்துக்கு உருளைக்கிழங்கு போட்டுடலாம்னு பாக்கறேன்."

"நீங்க சிக்கன் சாப்புடுற அன்னிக்கு நாங்க கிழங்கு சாப்புடணுமா சார்?" என்று கேட்டேன். குரல் கொஞ்சம் ஏறிவிட்டது என்று நினைக்கிறேன். பக்கத்து அறைக்காரர் எட்டிப் பார்த்தார். அதிகாரி இறங்கி வந்து ஒரு வழி சொன்னார். ஒரு தட்டுக்கு ஆகிற செலவு சிக்கனைத் தாண்டக் கூடாது, சாப்பிடவும் நன்றாக இருக்க வேண்டும், அப்படி ஒரு பன்னீரை மாதம் முடிவதற்குள் நானே கண்டுபிடித்துத் தந்தால் தொடரலாம்.

சரி என்று வந்துவிட்டேன். துணைக்கு பாய்லர் ஆபரேட்டர் அண்ணன் சேர்ந்துகொண்டார். அவரும் சைவம். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர். டாக்டர் கொழுப்பைக் குறைக்கச் சொல்லியிருந்ததால் அவருடைய பேச்சு முழுக்க ஒரே பல்லவி. "கொழுப்பு கம்மியா இருக்கறதா பாரும்மா."

சனிக்கிழமை இருவரும் கடலூரில் ஒரு பெரிய கடையின் குளிர்ப்பெட்டிக்கு முன்னால் நின்று, பாக்கெட்டுகளைத் திருப்பித் திருப்பிப் படித்தோம். மருந்து பாட்டிலானாலும் மிக்சர் பாக்கெட்டானாலும் முதலில் பின்பக்கத்தைப் படிப்பது என் தொழில் புத்தி. அங்கே ஒன்று புரிந்தது. கொழுப்பு வரியை மட்டும் பார்த்தால் பன்னீரும் சீஸும் அண்ணன் தம்பி மாதிரி பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. சோடியம் வரிக்கு வந்தால்தான் குட்டு வெளிப்படுகிறது. பன்னீரில் அது பேருக்குத்தான் இருக்கும். சீஸில் பல மடங்கு. அண்ணனுக்கு அதைக் காட்டினேன். அவருக்கு பிரஷரும் உண்டு. சீஸ் கட்டியைப் பாம்பைப் பார்ப்பதுபோலப் பார்த்துத் தள்ளி வைத்தார்.

மற்ற பன்னீரின் விலையில் பாதிக்கு ஒரு பாக்கெட் கிடைத்தது. பளிச்சென்று வெள்ளை, முனை மழுங்காத சதுரம். அதிகாரிக்குப் பிடித்த விலை. பின்பக்கம் பொடி எழுத்தில் பால் பவுடர், தாவர எண்ணெய், ஸ்டார்ச் என்று இருந்தது. கொழுப்பு எவ்வளவு என்று போட்டிருந்த எண்ணில் குறையே இல்லை, நல்ல பன்னீர் அளவுக்கே இருந்தது. ஆனால் அது பாலின் கொழுப்பு இல்லை, எண்ணெயின் கொழுப்பு. அதையும் ஒன்று எடுத்துக்கொண்டோம். கூடவே பேர் பெற்ற கம்பெனியின் முழுக்கொழுப்புப் பன்னீர் ஒன்று, அண்ணனுக்காகக் கொழுப்பு குறைத்தது ஒன்று. குறைத்ததற்கு விலை கூடுதல். கொழுப்பை எடுத்துவிட்டுக் காசையும் ஏன் ஜாஸ்தி வாங்குகிறார்கள் என்று அண்ணன் கடைப்பெண்ணிடம் சண்டைக்கே போய்விட்டார்.

நான் குடியிருப்பது சிதம்பரத்தில். எங்கள் தெருவிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஒரு சின்ன பால் பண்ணை இருக்கிறது. அங்கே பன்னீரை உதிரியாகக் கிலோ கணக்கில் விற்பார்கள். பாக்கெட் கிடையாது, அதனால் விலை குறைவு. ஆனால் தண்ணீரிலிருந்து எடுத்துச் சொட்டச் சொட்டத் தராசில் வைத்தால், பன்னீர் விலைக்குத் தண்ணீரையும் சேர்த்து வாங்கியதாகிவிடும். துணியில் சுற்றி அழுத்திவிட்டு நிறுக்கச் சொன்னேன். பண்ணைக்காரருக்குப் பிடிக்கவில்லை. வாராவாரம் வாங்குவேன் என்றதும் பிடித்துவிட்டது.

திங்கட்கிழமை மதியம் கேன்டீன் அடுப்படியில் எங்கள் பரீட்சை நடந்தது. அதிகாரியும் வந்தார். நாலு தட்டில் நாலு துண்டு. முதலில் ஒவ்வொன்றையும் பச்சையாக விரலால் நசுக்கிப் பார்த்தோம். பண்ணைப் பன்னீர் மெத்தென்று அமுங்கி, மணல் மணலாக உதிர்ந்தது, பால் வாசம் அடித்தது. கம்பெனிப் பன்னீரும் கிட்டத்தட்ட அப்படித்தான், கொஞ்சம் இறுக்கம். கொழுப்பு குறைத்தது உதிரவே இல்லை, விட்டதும் பழையபடி நிமிர்ந்துகொண்டது. விலை குறைந்த பாக்கெட் வழவழவென்று நழுவியது, விரலில் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியது. அதில் ஒரு துண்டைத் தனியாகத் தண்ணீரில் வேகவைத்து, ஆறிய பிறகு அயோடின் ஒரு சொட்டு விட்டேன். நீலமாகிவிட்டது.

"இன்னா மேடம், மை போட்டு பாக்கறீங்க?" என்றார் மாஸ்டர்.

"ஸ்டார்ச் இருந்தா இப்படித்தான் நீலமாகும் மாஸ்டர்."

அதிகாரி விடவில்லை. "ஸ்டார்ச் விஷமா மேடம்?"

"விஷம் இல்ல சார். அவுங்களும் ஒளிக்கல, பின்னாடி எழுதித்தான் வச்சிருக்காங்க. ஆனா போர்டுல நீங்க பன்னீர்னு எழுதிப் போடக் கூடாது." அந்த நீலத் துண்டைக் கையோடு குப்பையில் போட்டேன்.

பிறகு மற்றதை எல்லாம் தனித்தனிச் சட்டியில் மசாலாவோடு கொதிக்கவிட்டார் மாஸ்டர். எண்ணெய்ப் பாக்கெட் குழம்பின்மேல் தனியாக ஒரு படலம் விட்டது. கொழுப்பு குறைத்ததை அண்ணன் ஆசையாக வாயில் போட்டு மென்றார். மென்றுகொண்டே இருந்தார். நாங்கள் எல்லோரும் அவர் முகத்தையே பார்த்தோம்.

"செருப்பு வாரு மாதிரி இருக்கும்மா" என்றார் கடைசியில். பண்ணைப் பன்னீரை எடுத்துப் போட்டுக்கொண்டதும் முகம் மாறிவிட்டது. "இதயே போடு. நான் நாலு துண்டுக்குப் பதிலா ரெண்டு தின்னுட்டுப் போறேன். டாக்டரு அளவக் கொறைக்கத்தான சொன்னாரு, வாயக் கட்டச் சொல்லலியே."

கணக்குப் போட்டுப் பார்த்ததில் கம்பெனிப் பன்னீர் சிக்கனைத் தாண்டியது. பண்ணைப் பன்னீர் தாண்டவில்லை. ஒரே ஒரு சிக்கல், பாக்கெட் இல்லாத சரக்கு அன்றன்றைக்கே தீர வேண்டும். சிதம்பரத்திலிருந்து யார் கொண்டுவருவது? எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கம்பெனி பஸ் எங்கள் வழியாகத்தான் வருகிறது. நானே கொண்டுவருகிறேன் என்றேன். ஜெயித்த சந்தோஷத்தில் அதையும் வீராப்பாகச் சொன்னேன்.

புதன்கிழமை விடியலில் பண்ணைக்குப் போய், அழுத்தி நிறுத்து வாங்கி, ஐஸ் பெட்டியில் வைத்து, பஸ்ஸில் காலுக்கடியில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். பரங்கிப்பேட்டைத் திருப்பம், புதுச்சத்திரம், ஆலப்பாக்கம் என்று ஒவ்வொரு பிரேக்குக்கும் பெட்டி முட்டியில் இடித்தது. எனக்குக் கொஞ்சம்கூட வலிக்கவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

மதியம் சாப்பாட்டு நேரத்தில் ஒரு டேங்கர் லாரி வந்து நின்றுவிட்டது. நான் சாம்பிள் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் சரக்கை இறக்குவார்கள். முடித்துவிட்டு ஓட்டமும் நடையுமாகக் கேன்டீனுக்குப் போனேன். வாசலிலேயே மணந்தது. மசாலா, வெண்ணெய், கசூரி மேத்தி, எல்லாம் கூடிவந்த மணம். ஃபிட்டர் பையன்கள் நாலு பேர் எதிரே வந்தார்கள். "அக்கா, பன்னீரு சூப்பர்க்கா!" என்றார்கள். எல்லோரும் சிக்கன் சாப்பிடுகிறவர்கள். நடையை எட்டிப் போட்டேன்.

உள்ளே அதிகாரி உட்கார்ந்திருந்தார். தட்டில் ஒரு பக்கம் கோழிக்கால். மறுபக்கம் சப்பாத்தியால் பன்னீர் மசாலாவை வழித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையை உயர்த்தி, "அடுத்த வாரம் கொஞ்சம் ஜாஸ்தியா கொண்டாந்துடுங்க மேடம்" என்றார்.

பாத்திரம் காலி. அடியில் ஒரு துண்டுகூட இல்லை. பாய்லர் அண்ணன் மட்டும் முந்திப் போய் இரண்டு துண்டு வாங்கியிருந்தார். நான் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். ஊரிலிருந்து காலுக்கடியில் வைத்துக் கொண்டுவந்தவள் நான். சிக்கன் வாசத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறவளும் நான்தான். எனக்கு நிஜமாகவே அழுகை வந்தது.

மாஸ்டர் தலையைச் சொறிந்தார். "தடுத்துப் பாத்தேன் மேடம், கேக்கல. நல்ல பன்னீருன்னா இதான் தொல்லை. அந்த எண்ண பாக்கெட்டயே வாங்கியிருந்தா அவுங்க யாரும் சீண்டியிருக்க மாட்டாங்க. ஒங்க பங்கு ஒங்களுக்கே இருந்திருக்கும்."

அவர் சொன்னது உண்மை. அதனாலேயே எனக்குக் கோபம் இரண்டு மடங்காகிவிட்டது. தயிர்ச்சாதம் போட்டுக்கொண்டு அதிகாரிக்கு எதிரிலேயே போய் உட்கார்ந்தேன். அவர் தட்டை நான் பார்ப்பதை அவர் பார்க்கட்டும் என்றுதான். அவர் பார்க்கவில்லை. கடைசித் துண்டை வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.