கீரிக்குட்டியின் அப்பா தூங்கிய இடம்

ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு நாற்பதுக்கு என் மகள் வாசிப்புக் குறிப்பேட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். அதுவரை அந்த நாளில் எந்தக் கோளாறும் இல்லை.

மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் வாரம் ஒரு கதைப் புத்தகம் எடுத்துப் படிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை அதை வகுப்புப் பெட்டியில் திருப்பிப் போட்டுவிட வேண்டும். திங்கட்கிழமைக்குள் குறிப்பேட்டில் தேதி, புத்தகத்தின் பெயர், பக்கங்கள், பிறகு கதையைப் பற்றி மூன்று வாக்கியங்கள். அதன்கீழ் பெற்றோர் கையொப்பம். நான்காவது வாக்கியத்துக்கு இடமே கிடையாது. கோடு முடிந்து கையொப்பக் கட்டம் வந்துவிடும்.

வழக்கமாக என் மனைவி பார்த்துக்கொள்வாள். ஞாயிறு முழுக்கப் பட்டுக் கடையில் அவளுக்கு வேலை. முகூர்த்த நாட்கள் நெருங்கியதால் எட்டரைக்கு முன்னால் வர மாட்டாள். எனவே நான்.

எனக்கு இதில் பயம் இருக்கவில்லை. செய்யாறில் நான் வேலை பார்க்கும் கம்பெனியில் ஷிஃப்ட் முடியும்போது அறிக்கை எழுதுவது என் பொறுப்பு. என்ன நடந்தது, ஏன் நடந்தது, என்ன செய்தோம். மூன்று வரி. பதினெட்டு வருடமாக எழுதுகிறேன்.

"கதைய சொல்லும்மா. நான் சுருக்கித் தரேன், நீ பாத்து எழுதிக்கோ" என்றேன்.

அவள் சொல்ல ஆரம்பித்தாள். ஒரு கீரிக்குட்டி பஸ் ஸ்டாப்பில் நிற்கிறது. அதன் அப்பா செங்கல் சூளையில் வேலை பார்க்கிறார், தினமும் பஸ்ஸில் வருவார். பக்கத்தில் ஒரு ஆடு நிற்கிறது, அது எல்லோருடைய டிக்கெட்டையும் தின்றுவிடும். ஒரு குரங்கு வேர்க்கடலை விற்கிறது. குரங்குக்கும் ஆட்டுக்கும் பழைய சண்டை ஒன்று இருக்கிறது, அது ஏன் என்று தனியாகச் சொன்னாள். பக்கத்து வீட்டு பவர்லூம் சத்தம் நின்று, திரும்ப ஓடி, திரும்ப நின்றது. ஏழு மணி ஆனபோது கதையில் பஸ் இன்னும் வரவில்லை.

"பஸ் வந்துச்சா இல்லியா?"

"வந்துகினு இருக்குதுப்பா. இருங்க. வந்துச்சு. ஆனா அவங்கப்பா எறங்கல."

"ஏன்?"

"தூங்கிகினு இருந்தாரு. கண்டக்டரு ஒரு கொக்கு, அது பாக்கவே இல்ல. பஸ்ஸு அவர டிப்போவுக்கே இட்டுகினு போயிடுச்சு. அப்புறம் குட்டி ரோட்டுல நடந்துகினே போயி கண்ணாடிய தட்டி எழுப்பிச்சு."

நான் பேனாவை மூடினேன்.

அதற்கு மூன்று வாரம் முன்பு, கம்பெனி பஸ்ஸில் நான் தூங்கிப்போனேன். எங்கள் ஊரான ஆரணியில் யாரும் எழுப்பவில்லை. பஸ்ஸை நிறுத்திவைக்கும் ஷெட்டில் கண் விழித்து, டிரைவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, ஒன்றரை மணி நேரம் தாமதமாக வீட்டுக்கு வந்தேன். மகள் அதுவரை வாசலில் நின்றிருந்தாளாம். அவளுடைய வகுப்பு மிஸ்ஸின் கணவர் அதே பஸ்ஸில், எனக்கு இரண்டு சீட் முன்னால் வருகிறவர்.

பிள்ளை கதைக்குள் என்னைச் சேர்த்துவிட்டாள் என்று நான் முடிவுசெய்தேன். அவள் மனதில் அது இத்தனை நாள் இருந்திருக்கிறது என்பது ஒரு பக்கம். மிஸ் இதைப் படிப்பார் என்பது மறுபக்கம். வெட்கப்பட வேண்டிய வரிசையில் இரண்டாவதுதான் எனக்கு முதலில் வந்தது.

"புக்குல இல்லாதத சேக்கக் கூடாதும்மா."

"புக்குலதான் இருக்குது."

"நீயா எதுனா நெனச்சிகினு சொல்லாத."

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பென்சிலை எடுத்துக்கொண்டாள். நான் எழுதிக் கொடுத்தேன்:

'ஒரு கீரிக்குட்டி பேருந்து நிறுத்தத்தில் அப்பாவுக்காகக் காத்திருந்தது. பேருந்து தாமதமாக வந்தது. பிறகு இருவரும் வீட்டுக்குச் சென்றார்கள்.'

அவள் பார்த்து எழுதினாள். நான் கையொப்பம் போட்டேன். ஆட்டையும் குரங்கையும் நீக்கியது சரி என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

திங்கட்கிழமை மாலை குறிப்பேடு சிவப்பு மையோடு திரும்பி வந்தது. 'கதையில் என்ன பிரச்சினை, எப்படித் தீர்ந்தது என்பது இல்லை. புத்தகத்தைப் படித்ததாகத் தெரியவில்லை. அடுத்த வாரத்திலிருந்து முதல்நிலைப் பெட்டி.'

முதல்நிலைப் பெட்டி என்றால் பக்கத்துக்கு ஒரு படம், ஒரு வரி. போன வருடம் முழுக்க என் மகள் அதில்தான் இருந்தாள். எழுத்துக்கூட்டி, அழுது, ஜூலையில்தான் மேல் பெட்டிக்கு வந்திருந்தாள்.

"அவங்கப்பா தூங்குனது நெஜமாவே புக்குல இருந்துச்சா?" என்று கேட்டேன்.

"அட்டையிலயே இருக்குது. வாய தொறந்துகினு தூங்குவாரு. உங்கள மாதிரியே இருந்தாரு, அதான் அத எடுத்தேன்."

"மொதல்லயே சொல்லி இருக்கலாம் இல்ல?"

"சொன்னேன்."

அன்று இரவு அவள் எனக்கு எந்தக் கதையும் சொல்லவில்லை. பள்ளியில் என்ன நடந்தது என்று கேட்டதற்கு, "ஒண்ணும் இல்ல" என்றாள். அவள் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. மனைவி குறிப்பேட்டைப் படித்துவிட்டு, "கம்பெனிக்கு எழுதற மாதிரியே எழுதி இருக்கீங்க" என்றாள்.

செவ்வாய்க்கிழமை பர்மிஷன் சொல்லிவிட்டு, கம்பெனி பஸ்ஸை விட்டுவிட்டுப் பள்ளிக்குப் போனேன். அலுவலக அறையில் மிஸ் வந்து நின்றார். எனக்கு வார்த்தை கோர்வையாக வரவில்லை. சுருக்கியது நான், கதை முழுதாகச் சொன்னது பிள்ளை, அந்தப் பகுதியை வெட்டியது என் சொந்தக் காரணத்துக்காக என்றேன். காரணத்தையும் சொன்னேன்.

"நீங்க தூங்குனது எங்க வீட்டுக்காரருக்குத் தெரியும் சார். எழுப்ப மனசு வரலன்னு சொன்னாரு."

நான் தலையாட்டினேன்.

"நீங்க எழுதிக் குடுத்தா, அவ படிச்சாளா இல்லியான்னு எனக்கு எப்படித் தெரியும்? நீங்க கேள்வி மட்டும் கேளுங்க சார். யாரு, அவங்களுக்கு என்ன ஆச்சு, கடைசியில எப்படி முடிஞ்சிது. பதில அவளே மூணு வரியா எழுதட்டும். தப்பா இருந்தாலும் பரவால்ல."

"பெட்டி, மிஸ்?"

"அவ சொல்றத நான் கேட்டுட்டு முடிவு பண்றேன். இங்கயே உக்காருங்க."

நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். சுவரில் கடிகாரம் இருந்தது. பத்து நிமிடம் ஆனது. கதையில் ஆட்டிடம் வந்திருப்பாள் என்று கணக்குப் போட்டேன். இருபது நிமிடம் ஆனது. குரங்கின் பழைய சண்டைக்கு வந்திருப்பாள்.

முப்பத்தைந்தாவது நிமிடம் மகள் தனியாக வந்தாள். குறிப்பேட்டைத் திறந்து நீட்டினாள். என் மூன்று வரிகளும் அடிக்கப்பட்டிருந்தன. அடுத்த தாளில் அவள் கையெழுத்து, கோட்டுக்கு மேலே ஏறி இறங்கி:

'கீரிக்குட்டி அப்பா வருவார் என்று பஸ் ஸ்டாப்பில் நின்றது. அப்பா தூங்கிக்கொண்டே டிப்போவுக்குப் போய்விட்டார். குட்டி நடந்து போய்க் கண்ணாடியைத் தட்டி அவரை எழுப்பியது.'

பக்கத்தில் மிஸ்ஸின் கையொப்பம் இருந்தது. அவளுடைய இன்னொரு கையில் ஒரு தடித்த புத்தகம் இருந்தது. மேல் பெட்டிப் புத்தகம்.

அதை என் மடியில் வைத்துவிட்டுச் சொன்னாள்: "இது நாப்பது பக்கம்ப்பா. சொல்றதுக்கு ரொம்ப நேரம் ஆவும். நடுவுல தூங்கக் கூடாது."