ஏ கட்டிடத்துக்கான தவணை

மாத்தளையில் மிளகு, கராம்பு வாங்கி விற்கும் ஹாஜியாரின் கடையில் நான் கிளார்க். எங்கள் வீட்டில் முதலில் படித்தவன். கடையில் இங்கிலீஷ் தெரிந்தவனும் நான்தான்.

மகளுக்குச் சீதனமாகக் கொடுக்க, கொழும்பில் கட்டிக்கொண்டிருந்த ஒரு ஃப்ளாட்டை ஹாஜியார் வாங்கியிருந்தார். ஐந்தாம் மாடிக்கு ஸ்லாப் போட்டாயிற்று, பதினான்கு நாளில் அதற்குரிய தவணையைக் கட்டாவிட்டால் ஒப்பந்தம் ரத்து என்று கம்பனி கடிதம் அனுப்பியது.

"செக்க எழுதவா மகன்? வீடு போனா கலியாணமும் போயிரும்," என்றார் ஹாஜியார்.

ஒப்பந்தத்தை விரித்தேன். ஹாஜியாரின் ஃப்ளாட் இருக்கும் கட்டிடத்தில் ஸ்லாப் வேலை முடிந்ததென்று பொறியியலாளர் சான்று தந்த பிறகே அந்தத் தவணையைக் கட்ட வேண்டும். கடிதத்தோடு வந்த சான்று பி கட்டிடத்துக்கு. எங்களுடையது ஏ.

"கட்டாதீங்க மொதலாளி," என்றேன். பிழையாக வாசித்திருந்தால்? நேரில் போய்ப் பார்க்கவும் முடியாது. சோதனைச் சாவடிகளில் தமிழ்ப் பையன்களை பஸ்ஸிலிருந்து இறக்கி விசாரித்துக்கொண்டிருந்த யுத்த காலம்.

"படிச்ச புள்ள நீ. ஒன்ன நம்பித்தான் இருக்கேன்," என்றார். அது பயத்தைக் கூட்டியது.

சரியான சான்றைக் கேட்டு லோயர் மூலம் பதிவுத் தபால் அனுப்பினோம். பதில் வருமுன்பே கெடு நெருங்கியது. ஹாஜியார் என்னோடு பேசுவதைக் குறைத்தார். டெலிபோன் அடித்தால் ஒப்பந்தத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எடுப்பேன்.

கடைசி நாளுக்கு முந்திய நாள் பதில் வந்தது: ஏ கட்டிடத்தில் ஸ்லாப் இன்னும் போடவில்லை, அறிவித்தலை மீளப் பெறுகிறோம்.

ஹாஜியார், "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. எந்தக் கட்டிடம் என்று மறுபடியும் வாசித்துப் பார்த்தேன்.