பாலுக்கு ஒரு ரிங், தயிருக்கு ரெண்டு

எலெக்ட்ரானிக் சிட்டியில் நான் பார்த்துக்கொள்ளும் வாடிக்கையாளர் சேவைப் பிரிவில், ஆள் மாதிரியே பேசும் மென்பொருள் ஒன்றைக் கொண்டுவந்து இறக்கியிருக்கிறார்கள். அன்றிலிருந்து பிள்ளைகள் முகத்தில் ஈயாடவில்லை. "மேடம், நம்ம வேலை போயிடுமா?" என்கிறார்கள். போகலாம் என்றுதான் சொல்கிறேன். எனக்கு ஒரு தடவை போயிருக்கிறது.

என் முதல் வேலை பேஜர் கம்பெனியில். பேஜர் என்றால் என்ன என்பதையே இவர்களுக்கு விளக்க வேண்டியிருக்கிறது. இடுப்பில் செருகிக்கொள்ளும் சின்னப் பெட்டி அது. செய்தி அனுப்புகிறவர் எங்களுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொல்வார். நாங்கள் அதை இங்கிலீஷ் எழுத்தில் அடித்து அனுப்புவோம். அங்கே பெட்டி கத்தும். டாக்டர்களும் விற்பனைப் பிரதிநிதிகளும்தான் பெரும்பாலும் வைத்திருந்தார்கள். சொன்னதைச் சொன்னபடி அடிக்க வேண்டும் என்பது விதி. நான் அதை மதித்ததே இல்லை. "அந்த மனுஷன் எங்க தொலைஞ்சாராம்?" என்று ஒரு மனைவி கத்தினால், "தயவுசெய்து சீக்கிரம் வரவும்" என்று அடித்துவிடுவேன். பெங்களூரில் பல குடும்பங்கள் அந்தக் காலத்தில் ஒற்றுமையாக இருந்ததற்கு நான்தான் காரணம். யாரும் நன்றி சொல்லவில்லை.

அந்த வேலை போனால் என் கதை முடிந்தது. கோலார் தங்கவயல் சுரங்கத்தை மூடிய பிறகு, அங்கே வேலை பார்த்த அப்பா வீட்டோடு இருந்தார். பம்ப் மோட்டார் ரிப்பேரில் கெட்டிக்காரர். ஆனால் எங்கோ தோட்டத்தில் மோட்டார் நின்றுபோனவர் இவரைத் தேடிக்கொண்டு பஸ் ஏறி வருவாரா? பக்கத்தில் கிடைத்தவரை வைத்துச் சரிபண்ணிக்கொள்வார். சும்மா இருந்த அப்பா எனக்கு மாப்பிள்ளை தேடுவதை முழுநேர வேலையாக எடுத்துக்கொண்டார். "வேலை இருக்கிற வரிக்கும் பெங்களூர்ல இரு. போச்சின்னா ரயிலப் புடிச்சி வந்துடு, கல்யாணம்" என்பது அவர் போட்ட நிபந்தனை. பெங்களூரில் நான் தங்கியிருந்த ஒக்கலிபுரத்து ஹாஸ்டலுக்கு வாராவாரம் ஒரு போட்டோ வந்தது. எல்லோருக்கும் மீசை.

செல்போன் வந்தபோது எங்கள் மேனேஜர் கொஞ்சமும் அலட்டிக்கொள்ளவில்லை. அப்போதெல்லாம் நமக்கு வரும் அழைப்பை எடுத்தாலும் காசு. "அடுத்தவன் பேசறதுக்கு இவன் காசு கொடுப்பானா? ஜனங்க என்ன பைத்தியமா?" என்றார். அவர் சொன்னது சரிதான், ஜனங்கள் பைத்தியம் இல்லை.

தினமும் கணவருக்குச் செய்தி சொல்லும் மல்லேஸ்வரத்து அம்மா ஒருவர், ஒருநாள் என்னிடம் விடைபெறவே போன் செய்தார். "அவர் செல்போன் வாங்கிட்டார்மா. நான் அடிப்பேன், அவர் எடுக்க மாட்டார். ஒரு ரிங் அடிச்சா பால், ரெண்டு அடிச்சா தயிர். பைசா செலவில்லை" என்றார். நாங்கள் ஹால் நிறைய உட்கார்ந்து செய்த வேலையை ரெண்டு ரிங் செய்துவிட்டது. பிறகு வருகிற அழைப்புக்குக் காசில்லை என்றும் ஆனது. மேனேஜரே செல்போனில் பேசிக்கொண்டு வந்துதான் கம்பெனியை மூடப்போவதாக எங்களிடம் சொன்னார்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு தங்கவயலுக்குப் போகும் மாரிகுப்பம் ரயிலில் ஏறினேன். வழியில் யார் கையில் செல்போனைப் பார்த்தாலும் பிடுங்கி எறியலாம் போலிருந்தது.

வீட்டில் அப்பா இல்லை. "எங்க தங்குறாரு? போன் வாங்குனதுலேர்ந்து காலு தரையில நிக்கல" என்றாள் அம்மா. பழைய செல்போன் ஒன்றை வாங்கி, நம்பரைப் பம்ப் செட் கடைகளில் எல்லாம் எழுதி ஒட்டிவிட்டாராம். வீட்டில் புதிதாக ஒரு ஃபிரிட்ஜ் நின்றது. அம்மா அதற்குப் பொட்டு வைத்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா பேச்சை ஆரம்பித்ததும் எங்கள் அப்பாவின் சட்டைப் பை அலறியது. யாரோ ஒருவரின் போர்வெல் மோட்டார். மறுபடி ஆரம்பித்தார்கள். மறுபடி அலறியது. மூன்றாவது தடவை அப்பா, "காபி சாப்புடுங்க, தோ வந்துடறேன்" என்று ஸ்பேனரை எடுத்துக்கொண்டு கிளம்பினவர்தான். இருட்டுகிற வரை காத்திருந்துவிட்டு அவர்கள் கோபத்தோடு போனார்கள். நான் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்ளப் பெரும்பாடு பட்டேன்.

கையெல்லாம் கிரீஸோடு திரும்பிய அப்பா என்னெதிரே உட்கார்ந்தார். "நீ பெங்களூருக்கே போம்மா. வேற வேலை தேடிக்க" என்றார்.

"அப்ப மாப்பிள்ளை?"

"வேலையில்லாம குந்திக்கினு இருந்தேன். அப்பன்னு சொல்லிக்க எதுனா ஒண்ணு செய்யணுமேன்னுதான் மாப்பிள்ளை தேடுனேன்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

என் வேலையைத் தின்ற சனியன் அவர் சட்டைப் பையில் மறுபடி அடித்தது. கை கிரீஸைப் பார்த்துத் தயங்கி, என்னையும் பார்த்தார்.

"எடுப்பா" என்றேன்.